ஆறு ஏரி, ஆறு கோடு: பச்சையும் சிவப்பும் ஒன்றாகத் தெரிபவருக்கு எந்த நிறங்கள்?

ஏரிக்கணக்கு | 11.1.2025, இரவு 9.40

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சனிக்கிழமைதோறும் ஒரு படம் போடுகிறேன். சென்னைக்குக் குடிநீர் தரும் ஆறு ஏரிகளின் இருப்பு, ஏரிக்கு ஒரு கோடு, எல்லாம் ஒரே வரைபடத்தில். இரண்டு வருடமாகப் போடுகிறேன். லாரித் தண்ணீருக்கு எப்போது சொல்லிவைப்பது என்பதைச் சங்கத்தில் இதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

போன வாரம் மூன்றாவது மாடி வாத்தியார் (ஓய்வுபெற்று 16 வருடம் ஆகிறது) லிஃப்ட் அருகில் நிறுத்தி, "புழல் ஏறுதா இறங்குதா தம்பி?" என்றார். "படத்துலயே இருக்கே சார், பச்சைக் கோடு" என்றேன். போனை எடுத்து நீட்டி, "இதுதானே?" என்றார். அவர் விரல் செம்பரம்பாக்கத்தின் மேல் இருந்தது. அது சிவப்புக் கோடு. "இல்ல சார், அது சிவப்பு" என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு வருடமாக அவர் அந்தப் படத்தை எப்படித்தான் படித்தார் என்று நினைத்து அன்று இரவு தூக்கமே வரவில்லை.

matplotlib தானாகக் கொடுக்கும் நிறங்களையே வைத்திருந்தேன். பூண்டி நீலம், சோழவரம் ஆரஞ்சு, புழல் பச்சை, செம்பரம்பாக்கம் சிவப்பு, கண்ணன்கோட்டை ஊதா, வீராணம் பழுப்பு. சிவப்பையும் பச்சையையும் எடுத்துவிட்டு வேறு இரண்டு நிறம் போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். எதைப் போடலாம்?

சிவகாசி அச்சகம் | 11.1.2025, இரவு 10.15

முப்பது வருடமாக அச்சில் இருக்கிறேன், எளிய வழி சொல்கிறேன். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ஆறு கோடும் ஆறு விதச் சாம்பலாகத் தெரிந்தால் நிறக்குருடு உள்ளவருக்கும் தெரியும். தெரியவில்லை என்றால் மாற்றுங்கள். வேறு சோதனையே தேவையில்லை.

நிலப்படக்காரி | 12.1.2025, காலை 7.05

சிவகாசி அண்ணா சொன்னதில் பாதி சரி. கறுப்பு வெள்ளையில் பிரிந்து தெரிவது பெரும்பாலும் இவர்களுக்கும் பிரிந்து தெரியும். ஆனால் அதைத் திருப்பிச் சொல்ல முடியாது. கறுப்பு வெள்ளையில் ஒன்றாகிப்போகும் இரண்டு நிறம் இவர்களுக்கு நன்றாகவே பிரிந்து தெரியலாம். ஏனென்றால் இவர்கள் உலகத்தைக் கறுப்பு வெள்ளையாகப் பார்ப்பதில்லை. அப்படிப் பார்ப்பவர்கள் மிக மிக அரிது.

வேலையில் பல வருடமாக நிலப்படங்களுக்கு நிறம் தேர்ந்தெடுத்து வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். கண்ணில் நிறத்துக்கென்று மூன்று வகைக் கூம்பு செல்கள். பொதுவாகக் காணப்படும் குறைபாட்டில் பச்சைக்கான கூம்போ சிவப்புக்கான கூம்போ இல்லாமல் போகும், அல்லது ஒன்றின் உணர்வு மற்றொன்றின் பக்கம் நகர்ந்துவிடும். பச்சைக் கூம்பு நகர்ந்துபோன வகைதான் எல்லாவற்றிலும் அதிகம். இரண்டிலும் விளைவு ஏறத்தாழ ஒன்றுதான்: சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவிலான வேறுபாடு மங்கிவிடும். மிஞ்சுவது இரண்டு. ஒன்று, வெளிர்ப்பா அடர்த்தியா என்பது. மற்றொன்று, நிறத்தில் நீலம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது. நிறம் தேர்ந்தெடுக்க இந்த இரண்டும்தான் நம் கையில் இருப்பவை.

உங்கள் புழலையும் செம்பரம்பாக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். புழலின் பச்சை `#2ca02c`, செம்பரம்பாக்கத்தின் சிவப்பு `#d62728`. பச்சைக் கூம்பே இல்லாதவருக்கு இவை எப்படித் தெரியும் என்று 2009-இல் மச்சாடோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கணக்கின்படி போட்டுப் பார்த்தேன். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் அளவுகளைச் சொன்னால், புழலின் பச்சை ஏறத்தாழ (150, 136, 56) ஆகிறது, செம்பரம்பாக்கத்தின் சிவப்பு (139, 124, 31) ஆகிறது. இரண்டும் காய்ந்த வாழைச்சருகு நிறம். ஒன்று கொஞ்சம் அடர்த்தி, அவ்வளவுதான். வாத்தியார் விரல் தவறான கோட்டில் போய் நின்றதில் வியப்பே இல்லை.

காரணம், இரண்டிலும் நீலம் ஏறக்குறைய இல்லை. நிறக்குறியீட்டின் கடைசி இரண்டு எழுத்துதான் நீலத்தின் அளவு, 00-இலிருந்து ff வரை போகும். முதல் நிறத்தில் அது 2c, இரண்டாவதில் 28. அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே துருப்பை இரண்டு நிறமும் விட்டுவிட்டன.

செங்கல் | 12.1.2025, காலை 8.30

நானும் அந்த வாத்தியார் மாதிரிதான். எனக்கு லேசான வகை. பெரிய சிவப்புச் சட்டையையும் பச்சைச் சட்டையையும் பக்கத்தில் வைத்தால் தடுமாற மாட்டேன். கோடு மெல்லியதானால் தடுமாறுவேன். படத்தின் மூலையில் குட்டிக் குட்டிச் சதுரமாக நிறக்குறிப்புப் பெட்டி போடுவார்களே, அங்கேதான் முழுதாகத் தோற்பேன். சதுரத்தைப் பார்த்து, நிறத்தை நினைவில் வைத்து, கோட்டுக்குப் போவதற்குள் நினைவில் இருந்த நிறம் கலைந்துவிடும்.

ஒரு வேண்டுகோள். "நிறக்குருடு" வேண்டாமே. பள்ளியில் அந்தச் சொல்லை வைத்து நிறையக் கேட்டிருக்கிறேன். நிறப்பார்வைக் குறைபாடு என்பது நீளம்தான், ஆனாலும் பரவாயில்லை.

சிவகாசி அச்சகம் | 12.1.2025, காலை 8.52

தம்பி, மன்னிக்கவும். எங்கள் தொழிலில் அப்படியே சொல்லிப் பழகிவிட்டது. இனி எழுத மாட்டேன்.

ஏரிக்கணக்கு | 12.1.2025, மாலை 6.20

நிலப்படக்காரி மேடம் எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய படத்தைச் சோதித்தேன். வேறு யாருக்காவது பயன்படும் என்பதால் வழியையும் எழுதுகிறேன். தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். படத்தை குரோம் உலாவியில் திறந்து F12 அழுத்தி, பிறகு Ctrl+Shift+P அழுத்தி `Show Rendering` என்று தட்டினால் கீழே ஒரு பலகை வரும். அதில் `Emulate vision deficiencies` என்ற இடத்தில் `Deuteranopia` பச்சைக் கூம்பு இல்லாத பார்வை, `Protanopia` சிவப்புக் கூம்பு இல்லாத பார்வை.

முதல் பதிவில் நான் எழுதியது தவறு என்று அப்போதுதான் புரிந்தது. புழலும் செம்பரம்பாக்கமும் சருகு நிறமானது எதிர்பார்த்ததுதான். ஆனால் பூண்டியும் கண்ணன்கோட்டையும்கூட ஒன்றாகிவிட்டன! ஊதாவிலிருந்த சிவப்பு உதிர்ந்துபோய் அதுவும் நீலமாக நிற்கிறது. வீராணத்தின் பழுப்பு, அந்தச் சருகு நிறத்துக்குக் கொஞ்சம் கருத்த தம்பி. ஆறு நிறம் என்று நான் நினைத்தது அவருக்கு இரண்டரை நிறமாக இருந்திருக்கிறது. சிவப்பையும் பச்சையையும் மட்டும் மாற்றியிருந்தால் இந்த நீல ஊதா ஜோடி என் கண்ணில் படாமலே போயிருக்கும்.

அப்புறம் `Protanopia` வைத்துப் பார்த்தபோது சிவப்புக் கோடு மிகவும் கருத்துவிட்டது. கறுப்பு அச்சுக்கோட்டை ஒட்டிச் செல்லும் இடத்தில் அச்சு எது, ஏரி எது என்றே தெரியவில்லை.

நிலப்படக்காரி | 12.1.2025, இரவு 8.10

ஆமாம். சிவப்புக் கூம்பு இல்லாதவர்களுக்குச் சிவப்பு ஒளியின் பெரும்பகுதி எட்டாது, அதனால் சிவப்பு அடர்ந்துவிடும். சிவகாசி அண்ணாவின் சோதனை கைவிடும் இடம் இதுதான். கறுப்பு வெள்ளை மாற்றம், நிறைவான நிறப்பார்வை உள்ளவர் கண்ணுக்கு எது எவ்வளவு வெளிச்சம் என்ற கணக்கில் நடக்கிறது. அந்தக் கணக்கில் நடுத்தரச் சாம்பலாக வரும் சிவப்பு, இவர்களுக்கு அதைவிட மிகவும் கருப்பாக இருக்கும்.

இன்னொன்று. அந்த உலாவிச் சோதனை கூம்பு முழுதாக இல்லாத நிலையைக் காட்டுகிறது. பெரும்பாலானவர்கள் செங்கல் மாதிரி இடைநிலையில் இருப்பவர்கள். கடைசிப் படியில் நிற்பவருக்குத் தெரிந்தால் நடுவில் இருப்பவர்களுக்கும் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் அதைப் பயன்படுத்துகிறோம்.

அம்மன்கோவில் தெரு | 13.1.2025, பகல் 11.45

தேடும்போது இந்தப் பக்கம் வந்தது. என் மகனுக்கு 22 வயது. ஒரு வேலைக்கு எழுத்துத் தேர்வெல்லாம் முடித்து, மருத்துவப் பரிசோதனையில் புள்ளிப் படப் புத்தகத்தைக் காட்டியபோது எண் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுவரை எங்களுக்கே தெரியாது. அந்தச் சார்ட்டில் எந்த நிறங்கள் வருகின்றன என்று நீங்கள் பேசுவது தெரிந்தால் அவனுக்குப் பழக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். பழகினால் தெரியுமா? என் அப்பாவுக்கும் இப்படித்தான், பழுத்த மிளகாயையும் பச்சை மிளகாயையும் தொட்டுப் பார்த்துத்தான் பிரிப்பார்.

நிலப்படக்காரி | 13.1.2025, பகல் 12.30

அம்மா, நாங்கள் பேசுவது வேறு சார்ட். ஏரித் தண்ணீரைக் கோடாக வரைந்து காட்டும் படம். நீங்கள் சொல்வது இஷிஹாரா புத்தகம், 1917-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா உருவாக்கியது. அது நேர்மாறான நோக்கத்தில் செய்யப்பட்டது. நாங்கள் பிரிந்து தெரியும் நிறங்களைத் தேடுகிறோம். அவர் பிரியாத நிறங்களை வேண்டுமென்றே பொறுக்கி, வெளிர்ப்பு அடர்த்தியையும் புள்ளிக்குப் புள்ளி கலைத்து, எந்தத் துப்பும் கிடைக்காதபடி செய்தார். பழகினால் கூம்பு வராது, அம்மா. எண்களை மனப்பாடம் செய்தாலும் வேலையில் சிக்னல் பார்க்கும்போது அது உதவாது. வேறு பரிசோதனை முறைகளும் உண்டு, குறைபாடு எந்த அளவு என்பதைக் கண் மருத்துவர் பார்த்துச் சொல்வார். அந்த அளவைப் பொறுத்து அவருக்கு எந்தெந்த வேலைகள் திறந்திருக்கின்றன என்று விசாரியுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு இருந்தது உங்கள் மகனுக்கு வந்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை. இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களிடம் அது இரண்டு, ஒன்று பழுதானாலும் மற்றது ஈடுகொடுக்கும். ஆண்களிடம் ஒன்றுதான். அதனால்தான் தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்குப் போகிறது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர். மற்ற மக்களில் பெரும்பாலானவர்களிடம் அதைவிடக் குறைவு.

அம்மன்கோவில் தெரு | 13.1.2025, பகல் 1.05

இரண்டு மாதமாக என் மேல்தான் தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றிம்மா. அவனை அழைத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கிறேன்.

ஏரிக்கணக்கு | 14.1.2025, இரவு 10.30

பொங்கல் விடுமுறையில் உட்கார்ந்து புதிதாக வரைந்தேன். ஒகாபேயும் இட்டோவும் கொடுத்த நிறங்களை எடுத்துக்கொண்டேன். மசதாகா ஒகாபே, கெய் இட்டோ இருவரும் ஜப்பானிய ஆய்வாளர்கள், 2002-இல் இந்த நிறத் தொகுப்பை வெளியிட்டார்கள். முதலில் அது பழ ஈக்களை ஆராயும் சக ஆய்வாளர்களுக்கு. நுண்ணோக்கிப் படங்களைச் சிவப்பும் பச்சையுமாகப் போடாதீர்கள் என்று சொல்ல எழுதியது. R மொழியில் 4.0 பதிப்பிலிருந்து `palette.colors()` என்று கேட்டால் இந்த நிறங்கள்தான் வருகின்றன.

```python
import matplotlib.pyplot as plt
from cycler import cycler

niram = ["#0072B2", "#D55E00", "#009E73",
         "#E69F00", "#56B4E9", "#CC79A7"]
plt.rc("axes", prop_cycle=cycler(color=niram))
plt.rc("lines", linewidth=2.5)
```

வரிசைப்படி புழல் (நீலம்), செம்பரம்பாக்கம் (செங்காவி), பூண்டி (நீலம் கலந்த பச்சை), சோழவரம் (ஆரஞ்சு), கண்ணன்கோட்டை (வான்நீலம்), வீராணம் (இளஞ்சிவப்பு ஊதா).

எந்த ஏரிக்கு எந்த நிறம் என்பதை இந்த முறை யோசித்துப் போட்டேன். புழலின் கொள்ளளவு 3,300 மில்லியன் கனஅடி, செம்பரம்பாக்கம் 3,645, பூண்டி 3,231. இந்த மூன்று கோடும்தான் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டே போகும். அதனால் இந்தத் தொகுப்பில் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி நிற்கும் நீலத்தையும் செங்காவியையும் முதல் இரண்டுக்குக் கொடுத்தேன். கண்ணன்கோட்டை 500-ஐத் தாண்டாது, அடியிலேயே கிடக்கும், அதை யாரும் மற்றதோடு குழப்ப மாட்டார்கள். கோட்டின் தடிமனையும் 1.5-லிருந்து 2.5 ஆக்கினேன், செங்கல் சொன்னதற்காக.

ஆனால் ஒரு சந்தேகம். இதிலும் ஒரு பச்சையும் ஒரு சிவப்பு மாதிரியும் இருக்கின்றனவே. எப்படிப் பிரிகின்றன?

நிலப்படக்காரி | 15.1.2025, காலை 6.50

அந்தப் பச்சையின் கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள், 73. நிறைய நீலம் ஊற்றியிருக்கிறார்கள். செங்காவியின் கடைசி இரண்டு எழுத்து 00, நீலத்தைச் சுத்தமாக வடித்துவிட்டார்கள். பச்சைக் கூம்பு இல்லாதவருக்கு அந்தப் பச்சை ஏறத்தாழ (138, 134, 118), அதாவது சாம்பல். செங்காவி (158, 140, 0), அதாவது கடுகுச் சாந்து நிறம். உங்கள் பழைய ஜோடியில் இரண்டும் சருகு. இதில் ஒன்று சாம்பல், ஒன்று கடுகு. பச்சையைப் பார்த்து அவரால் "பச்சை" என்று சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் இது அது அல்ல என்று சொல்லிவிடுவார். வரைபடத்துக்கு அவ்வளவு போதும்.

இதில் ஒரு சுருக்குவழி கிடைக்கிறது. குறியீட்டின் கடைசி இரண்டு எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டே நிறத்தை முதலில் கழித்துக்கட்டலாம். உலாவிச் சோதனை அதற்குப் பிறகுதான்.

செங்கல் | 15.1.2025, காலை 9.15

பார்த்தேன். புழலும் செம்பரம்பாக்கமும் பளிச்சென்று பிரிகின்றன, நின்று யோசிக்கவே வேண்டியதில்லை. பூண்டியைப் பச்சை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அது தனிக்கோடு என்பது தெரிகிறது. நிறக்குறிப்புப் பெட்டி மட்டும் இன்னும் மூலையில்தான் இருக்கிறது. "வீராணம்" என்ற எழுத்துக்குப் பக்கத்திலுள்ள சதுரத்தைப் பார்த்து, கோட்டைத் தேடி, திரும்பப் பெட்டிக்கு வந்து சரிபார்த்தேன். கோட்டின் வலது முனையிலேயே பெயரை எழுதிவிடுங்களேன்.

சிவகாசி அச்சகம் | 16.1.2025, மாலை 4.00

நீங்கள் படத்தைப் போட்டதும் வழக்கம்போல் கறுப்பு வெள்ளையாக அச்சிட்டுப் பார்த்தேன். மேடம் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், இது அவர்கள் பார்வைக்கான சோதனை அல்ல. ஆனால் இதையும் கேளுங்கள். சோழவரமும் கண்ணன்கோட்டையும் ஒரே சாம்பல்! ஆரஞ்சும் வான்நீலமும் கலரில் எவ்வளவு தள்ளி நிற்கின்றன, மையில் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. செம்பரம்பாக்கமும் பூண்டியும்கூட நெருங்கிவிட்டன. உங்கள் குடியிருப்பில் இதை அறிவிப்புப் பலகையில் ஜெராக்ஸ் போட்டு ஒட்டுகிறார்களா?

ஏரிக்கணக்கு | 16.1.2025, இரவு 7.30

ஒட்டுகிறார்கள். காவலாளி அறைக்குப் பக்கத்தில். நான் மறந்தே போனேன். வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்கு அதுதான் படம்.

நிலப்படக்காரி | 16.1.2025, இரவு 9.00

அண்ணாவின் கண் சரியாகத்தான் சொல்கிறது. வெளிச்ச அளவைக் கணக்கிட்டால் ஆரஞ்சு 0.416, வான்நீலம் 0.405. ஜெராக்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒகாபே, இட்டோ தொகுப்பு நிறப்பார்வைக் குறைபாட்டுக்காகச் செய்யப்பட்டது, ஜெராக்ஸுக்காக அல்ல. ஒன்றில் தேறினால் மற்றொன்றிலும் தேறும் என்று நினைத்துப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் ஒரு நிலப்படத்தை அப்படி அச்சுக்கு அனுப்பி, திரும்ப வாங்கியிருக்கிறேன்.

இதே இரண்டு நிறத்தில் இன்னொரு குறையும் இருக்கிறது. வெள்ளைத் தாளில் கோடு தெளிவாகத் தெரிய 3:1 மாறுபாடாவது வேண்டும் என்று இணைய அணுகல் நெறிகள் சொல்கின்றன. ஆரஞ்சும் வான்நீலமும் ஏறத்தாழ 2.3-இல் நிற்கின்றன. தொகுப்பிலுள்ள மஞ்சளை நீங்கள் எடுக்காதது நல்லது, அது வெள்ளையின் மேல் 1.3-தான், இருப்பதே தெரியாது. அந்த நிறங்கள் தடித்த பட்டைக்கும் நிரப்பிய பரப்புக்கும் நன்றாக இருக்கும். மெல்லிய கோட்டுக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நிறத்தை இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரு ஜோடி சரியாகி இன்னொன்று கெடும். கோட்டின் வடிவத்தை மாற்றுங்கள். பூண்டியை விட்டு விட்டுப் போகும் கோடாக (`"--"`), கண்ணன்கோட்டையைப் புள்ளிக் கோடாக (`":"`) போட்டால் ஜெராக்ஸிலும் பிரியும்.

இன்னும் ஒன்று, "மற்றவை" என்று ஏழாவதாக ஒரு சாம்பல் கோடு சேர்க்க நினைத்தால் ஜாக்கிரதை. R-இல் ஒன்பதாவது நிறமாக `#999999` சாம்பலைச் சேர்த்திருக்கிறார்கள். வீராணத்தின் இளஞ்சிவப்பு ஊதா, பச்சைக் கூம்பு இல்லாதவருக்கு ஏறத்தாழ (149, 153, 165). அந்தச் சாம்பல் (153, 153, 153). பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பிரிப்பது கடினம்.

ஏரிக்கணக்கு | 18.1.2025, இரவு 9.15

இன்று சனிக்கிழமை, புதுப் படம் போனது. பெயர்கள் கோட்டின் முனையில், நிறக்குறிப்புப் பெட்டி இல்லை, பூண்டியும் கண்ணன்கோட்டையும் உடைந்த கோடுகள். வாத்தியார் வீட்டுக்கே போனேன். படத்தைப் பார்த்ததும், "புழல் இறங்குது, செம்பரம்பாக்கம் அப்படியே நிக்குது" என்றார். சரியாகச் சொன்னார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "இவருக்கு நிறம் தெரியாதுன்னு கல்யாணமான புதுசுலயே எனக்குத் தெரியும், சொன்னா கோபம் வரும்" என்றார்.

பெயரை முனையில் எழுதியதில் ஒரு வம்பு. matplotlib தமிழ் எழுத்தைச் சிதைக்கிறது. "செம்பரம்பாக்கம்" என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. எழுத்துருவை மாற்றியும் சரியாகவில்லை.

சிவகாசி அச்சகம் | 18.1.2025, இரவு 9.50

யூனிகோடு வந்த புதிதில் எங்கள் கணினிகளில் கொம்பும் காலும் இப்படித்தான் இடம் மாறி நிற்கும். அந்தக் காலம் ஞாபகம் வந்துவிட்டது.

நிலப்படக்காரி | 18.1.2025, இரவு 10.20

PNG-க்குப் பதிலாக SVG ஆகச் சேமியுங்கள், எழுத்தை எழுத்தாகவே விடச் சொல்லி:

```python
plt.rcParams["svg.fonttype"] = "none"
plt.savefig("eri.svg")
```

அந்தக் கோப்பை உலாவியில் திறந்தால் கொம்பை உரிய இடத்தில் வைக்கும் வேலையை உலாவி பார்த்துக்கொள்ளும். அங்கிருந்து திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள்.

ஏரிக்கணக்கு | 19.1.2025, இரவு 10.05

எழுத்து சரியாகிவிட்டது, நன்றி மேடம்.

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். இன்று இரவு எட்டரைக்கு வாத்தியார் போனில் கூப்பிட்டார். "காலைல நல்லாத் தெரிஞ்சுது, இப்ப பூண்டிக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் பெயரைப் பாத்துத்தான் சொல்ல முடியுது" என்றார். மேலே போய்ப் பார்த்தேன். அவர் போனில் இரவானால் தானாகத் திரை மஞ்சளாகும்படி வைத்திருக்கிறார், கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று மகள் செய்துகொடுத்தது. அதை அணைத்துவிட்டு மறுபடி காட்டினேன். "இப்ப பரவால்ல" என்றார். காலையில் போல இருக்கிறதா என்று கேட்டதற்கு, "அந்த அளவு இல்ல" என்றார்.

படியிறங்கும்போதுதான் உறைத்தது. அந்த அமைப்பு திரையிலிருந்து நீலத்தைத்தான் குறைக்கிறது. பச்சையில் ஒகாபேயும் இட்டோவும் ஊற்றிய நீலத்தைப் போன் வடிகட்டிவிடுகிறது.

நிலப்படக்காரி | 20.1.2025, காலை 7.15

இதை நான் யோசித்ததே இல்லை. கேட்டவுடன் புரிகிறது. வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகி, அதுவே கொஞ்சம் நீலத்தை விழுங்கிக்கொள்ளும். கண்புரை அறுவை முடிந்தவர்கள் நீலமெல்லாம் புதிதாகத் தெரிகிறது என்று சொல்வது அதனால்தான். வாத்தியாருக்கு அறுவை ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால் போன் ஒரு வடிகட்டி, வில்லை இன்னொரு வடிகட்டி. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கென்னவோ ஆறு கோட்டையும் ஒரே படத்தில் அடைப்பதே வேண்டாம் என்று தோன்றுகிறது. ஆறு சிறு கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் ஏரி, எல்லாம் ஒரே கருநீலம். நிறத்துக்கு வேலையே இல்லை. போன், ஜெராக்ஸ், கண்புரை எதுவும் அதைக் கெடுக்காது.

செங்கல் | 20.1.2025, காலை 10.40

எனக்கு அது வேண்டாம், மேடம். எது எதை முந்துகிறது என்று பார்க்கத்தான் எல்லாரும் ஒரே படத்தைத் திறக்கிறார்கள். ஆறு கட்டமானால் கண் தாவித் தாவி ஒப்பிட வேண்டும். நிறம் பிரியாத எங்களுக்காக மற்ற எல்லாருக்கும் ஒப்பீட்டை எடுத்துவிடுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பெயர் முனையில் இருந்தாலே எனக்குப் போதும்.

நிலப்படக்காரி | 20.1.2025, பகல் 1.20

உங்களுக்குப் போதும். வாத்தியாருக்கு இரவில் போதுமா என்பதுதான் கேள்வி. கோடுகள் நடுவில் வெட்டிக்கொள்ளும் இடத்தில் முனையிலுள்ள பெயர் உதவாது.

ஏரிக்கணக்கு | 25.1.2025, இரவு 9.00

இந்த வாரம் இரண்டையும் வாத்தியாரிடம் கொண்டுபோனேன். இடது பக்கம் ஒரே படம், வலது பக்கம் ஆறு கட்டம். அறுவை இன்னும் ஆகவில்லை, மார்ச்சில் தேதி கொடுத்திருக்கிறார்களாம்.

கட்டங்களை ஏரி ஏரியாகப் பார்த்து, "இது சுலபம்" என்றார். அப்புறம் ஒரே படத்துக்குத் திரும்பி, புழலும் செம்பரம்பாக்கமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விரலை வைத்து, "எந்த வாரம் மாறுச்சுன்னு இதுல தெரியுது, அதுல தெரியலையே" என்றார். செங்காவியையும் நீலத்தையும் இரவிலும் அவர் தவறவிடவில்லை. தடுமாறுவது பூண்டியின் பச்சையில் மட்டும்தான்.

அதனால் இப்போதைக்குப் பெரிய மூன்று ஏரிகள் ஒரே படத்தில், சிறிய மூன்றும் கீழே தனிக்கட்டங்களில். மேலே நீலம், செங்காவி, மூன்றாவதாகப் பூண்டிக்குப் பச்சைக்குப் பதில் கறுப்பு, அதுவும் விட்டு விட்டுப் போகும் கோடு. சிவப்புக் கூம்பு இல்லாதவருக்குச் செங்காவி கருத்துக் கறுப்போடு சேர்ந்துவிடுமோ என்று `Protanopia` வைத்துப் பார்த்தேன். கருக்கிறது, ஆனால் கடுகு நிறம் கொஞ்சம் மிஞ்சுகிறது, கோடு உடைந்திருப்பதும் கைகொடுக்கிறது. சிவப்புக் கூம்பு இல்லாதவர் யாராவது இங்கே இருந்தால் இதைப் பார்த்துச் சொல்லுங்கள். மார்ச்சில் அறுவை முடிந்ததும் பழைய பச்சையையும் வாத்தியாரிடம் இன்னொரு முறை காட்டுகிறேன்.